ஒரே ரோல் துணியில் எல்லாத் திரைகளையும் குறையாமல் வெட்டுவது எப்படி: புதிய தையற்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வாடிக்கையாளர் ஒரு ரோல் துணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதிலேயே எல்லாம் முடிச்சுடுங்க, வேற ரோல் வாங்கினா கலர் சேராது" என்று சொல்லிவிட்டுப் போகும் வேலை, திரை தைக்கும் கடைக்கு அடிக்கடி வரும். ஒவ்வொரு திரைக்கும் இவ்வளவு நீளத்துக்குக் குறையக்கூடாது என்ற அளவு ஒரு பக்கம் நிற்கும். எல்லாம் சேர்ந்து அந்த ஒரே ரோலுக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டு மறுபக்கம் நிற்கும். எங்கள் கடைக்கு முதன்முதலில் இந்த வேலை வந்தபோது எதை முதலில் அளப்பது, எதை எழுதி வாங்குவது, எங்கிருந்து வெட்டத் தொடங்குவது என்று சொல்லித்தர யாரும் இல்லாமல் நானும் கட்டிங் மாஸ்டரும் மிகவும் திணறினோம். அந்த வேலையின் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு, நீங்கள் செய்ய வேண்டிய வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

வேலை இதுதான். கரூர்ப் பக்கத்து விசைத்தறிப் பருத்தித் துணி, 48 அங்குல அகலம், டிசைன் இல்லாத ஒரே நிறம். ஒரு சிறிய தங்கும் விடுதிக்கு 10 கதவுத் திரைகளும், 6 ஜன்னல்களுக்கு ஜோடியாக 12 திரைகளும் வேண்டும். ஒவ்வொரு திரைக்கும் துணியின் முழு அகலமும் போகும் என்பதால் அகலத்தைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை; நீளம் மட்டுமே கணக்கு. ரோல் சீட்டில் 50 மீட்டர் என்று அச்சிட்டிருந்தது.

1. குறைந்தபட்ச அளவை எழுத்தில் வாங்குங்கள்

"ஏழடி இருந்தா போதும்" என்ற வாய்ச்சொல்லை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்பியிலிருந்து தரை வரை இடது, நடு, வலது என்று மூன்று இடங்களில் அளந்து, தரை சாய்ந்திருந்தால் அதையும் குறித்து, தைத்து முடித்த திரை எவ்வளவு நீளத்துக்குக் குறையக்கூடாது என்பதைச் சென்டிமீட்டரில் எழுதி, விடுதிக்காரரின் கையெழுத்தை வாங்க வேண்டும். எங்கள் வேலையில் கதவுத் திரைக்கு 213 செ.மீ. என்றும், ஜன்னல் திரைக்கு 152 செ.மீ. என்றும் எழுதிக்கொண்டோம். அளந்தவர் யார் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அவர்கள் அளந்து கொடுத்த அளவு தவறாக இருந்தால், தைத்த பிறகு அதற்கான பொறுப்பு யாருடையது என்று பேச அந்த ஒரு வரிதான் கையில் இருக்கும்.

கதவுத் திரைக்குக் குறைந்தபட்ச அளவைப் போலவே அதிகபட்ச அளவும் உண்டு, ஏனெனில் அது தரையில் புரளக்கூடாது. ஆனால் அந்த அதிகபட்சத்தை வெட்டும்போது பார்க்க வேண்டியதில்லை. கூடுதலாக இருப்பதை அடிமடிப்புக்குள் மடித்துவிடலாம். குறைவாக வெட்டிய துணியை நீட்ட வழியில்லை. ஆகவே வெட்டும் மேசையில் நம் கவனம் குறைந்தபட்ச அளவின் மேல் மட்டுமே இருந்தால் போதும்.

எல்லாக் கணக்கையும் சென்டிமீட்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். துணியை மீட்டரில் வாங்கி, தையலை அங்குலத்தில் கணக்கிடும் நம் பழக்கத்தில், ஒரு மீட்டரை 40 அங்குலம் என்று வசதிக்காக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. உண்மையில் அது 39.37 அங்குலம். ரவிக்கைத் துணிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 50 மீட்டருக்கு வரும்போது இல்லாத 31 அங்குலத்தை இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம்.

2. ரோலை வாங்கும்போதே அளந்து, பழுதுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

ரோல் சீட்டில் எழுதியிருப்பதை நம்பி வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு பேர் நின்று, நீளமான மேசையில் துணியை இழுக்காமல் தளரவிட்டு அளந்தால், 50 மீட்டர் ரோலுக்கு ஒரு மணி நேரம் ஆகும். இழுத்துப் பிடித்து அளந்தால் நீளம் கூடுதலாகக் காட்டும். சுற்றிலிருந்து பிரிந்து ஓர் இரவு கிடந்த பிறகு துணி தன் உண்மையான நீளத்துக்குத் திரும்பிவிடும். எங்கள் ரோல் 49 மீட்டர் 60 செ.மீ. இருந்தது. மீட்டர் 220 ரூபாய் விலையில் 40 செ.மீ. குறைவு என்பது 88 ரூபாய்தான் என்றாலும், இங்கே பிரச்சினை ரூபாயைப் பற்றியது அல்ல.

அளக்கும்போதே வெளிச்சத்துக்கு எதிரே துணியைப் பிடித்துப் பார்த்து, பழுதுகளைக் கரையில் நூல் கட்டி அடையாளமிட வேண்டும். ஊடை விடுபட்ட கோடு, எண்ணெய்க் கறை, துளை, நூல் முடிச்சு ஆகியவற்றைத் தேடுங்கள். இவற்றோடு, ஒரு ரோலுக்குள்ளேயே இரண்டு துண்டுகள் சேர்த்துச் சுற்றப்பட்டிருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். எங்கள் ரோலில் தொடக்கத்திலிருந்து 11 மீட்டர் 85 செ.மீ. தூரத்தில் அகலம் முழுக்க ஊடை விடுபட்ட ஒரு கோடும், 31 மீட்டர் 55 செ.மீ. தூரத்தில் ஒரு சேர்ப்பும் இருந்தன. சேர்ப்பு இருந்தால் அதன் இருபுறத்துத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடைக்குள் இருக்கும் விளக்கில் அல்ல, வாசலில் பகல் வெளிச்சத்தில் நிறம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சாய லாட் மாறியிருந்தால் ஒரே ரோல் என்ற பெயரில் இரண்டு நிறங்கள் உங்கள் கையில் இருக்கின்றன என்று பொருள்.

இந்த வேலையில் காலம் மிக முக்கியமான இடம் இதுதான். "வெட்டிய துணி திரும்பப் பெறப்படாது" என்று பெரும்பாலான ஜவுளிக்கடை ரசீதுகளில் அச்சிட்டிருப்பார்கள். குறையோ பழுதோ இருந்தால் கத்தரி வைக்கும் முன்பே சொல்ல வேண்டும், அதுவும் வாங்கிய ஓரிரு நாட்களுக்குள். விடுதிக்காரரிடமிருந்து துணி வாங்கிய ரசீதின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் லாட் எண்ணும் நிற எண்ணும் இல்லாவிட்டால், ரோலின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழிக்காமல் எடுத்து உங்கள் ஆர்டர் தாளில் ஒட்டிவையுங்கள். பிறகு ஒரு பெறுதல் சீட்டு எழுதி, சீட்டில் கண்ட நீளம், அளந்த நீளம், இரண்டு பழுதுகளும் இருக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். மிச்சத் துணி யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். திரை வேலையில் மிச்சம் மீட்டர் கணக்கில் வரும் என்பதால், அதைப் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

3. சுருக்கத்தைச் சோதித்து, வெட்டு நீளத்தைக் கணக்கிடுங்கள்

துவைக்காத பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும். பெரும்பாலும் பாவு வாக்கில், அதாவது நீளவாக்கில், அதிகமாகச் சுருங்கும். எவ்வளவு என்பது துணிக்குத் துணி மாறுவதால், பழைய அனுபவத்தை வைத்து ஊகிக்காமல் இந்த ரோலிலிருந்தே சோதிக்க வேண்டும். முதலில் ரோலின் தொடக்க ஓரத்தை நூல் உருவி நேராக்கினோம். அதில் 5 செ.மீ. போனது. அடுத்து 30 செ.மீ. வெட்டி, அதன் நடுவில் நீளவாக்கில் 25 செ.மீ. இடைவெளியில், துவைத்தாலும் போகாதபடி நூலால் இரண்டு கோடுகள் தைத்து, விடுதியில் துவைக்கும் விதத்திலேயே துவைத்து, காயவைத்து, தேய்த்து அளந்தோம். 24 செ.மீ. வந்தது, அதாவது நூற்றுக்கு 4. இதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். சோதனைக்கு வெட்டிய 30 செ.மீ. ரோலின் கணக்கிலிருந்து போய்விட்டது என்பதை மறக்காமல் கழித்துக்கொள்ளுங்கள்.

வளையம் வைக்கும் மேல்மடிப்புக்கு 12 செ.மீ., அடிமடிப்புக்கு 8 செ.மீ., ஆக 20 செ.மீ. சேர்த்தோம். கதவுத் திரைக்கு 213 உடன் 20 சேர்ந்து 233. இதை 0.96 ஆல் வகுத்தால் 242.7, மேல் நோக்கி முழுமையாக்கி 243 செ.மீ. ஜன்னல் திரைக்கு 152 உடன் 20 சேர்ந்து 172, 0.96 ஆல் வகுத்தால் 179.2, ஆகவே 180 செ.மீ. இரண்டையும் கீழ் நோக்கி முழுமையாக்கக் கூடாது.

இங்கே பலரும் 233ஐ 1.04 ஆல் பெருக்குவார்கள். சுருங்குவது வெட்டிய நீளத்தில் நூற்றுக்கு 4 என்பதால் வகுப்பதே சரி. 4 விழுக்காட்டில் இரண்டுக்கும் அரை சென்டிமீட்டர்கூட வேறுபாடு வராது. ஆனால் 10 விழுக்காடு சுருங்கும் துணியில் வகுத்தால் 258.9, பெருக்கினால் 256.3 என்று இரண்டரை செ.மீ.க்கு மேல் குறைந்துபோகும்.

4. மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள்

பத்துக் கதவுத் திரைகளுக்கு 2430 செ.மீ.; பன்னிரண்டு ஜன்னல் திரைகளுக்கு 2160 செ.மீ.; மொத்தம் 4590 செ.மீ. ரோலில் இருப்பது 4960. ஓரம் நேராக்கியதில் 5, சோதனைத் துண்டு 30, கோட்டுப் பழுதைத் தாண்டுவதில் 10, சேர்ப்பை வெட்டி நீக்குவதில் 10, ரோலின் கடைசி ஓரத்தில் 5 என்று கழித்தால் 4900 கிடைக்கும். 310 செ.மீ. மிச்சம் என்று காகிதம் சொன்னது. விடுதிக்காரரும், "நாப்பத்தாறு மீட்டர்தான வேணும், மாஸ்டர்? அம்பது இருக்கே" என்றார்.

மாஸ்டர் பதில் சொல்லாமல் கரையில் கட்டியிருந்த இரண்டு நூல்களையும் காட்டினார். ஒரு திரையின் நடுவில் ஊடைக் கோடு வரக்கூடாது, சேர்ப்பும் வரக்கூடாது. ஆகவே நம்மிடம் 4900 செ.மீ. துணி இல்லை. 1145, 1960, 1795 செ.மீ. என்ற மூன்று தனித்துண்டுகள் இருக்கின்றன. ஒரு துண்டில் மிஞ்சுவதை இன்னொரு துண்டின் மிச்சத்தோடு சேர்த்து ஒரு திரை எடுக்க முடியாது.

பழக்கத்தின்படி பெரிய அளவை முதலில் வெட்டிக்கொண்டே போனால் என்னவாகும் என்பதை மாஸ்டர் கத்தரியைத் தொடும் முன்பே காகிதத்தில் போட்டுக் காட்டினார். முதல் துண்டில் நான்கு கதவுத் திரைகள் எடுத்தால் 173 செ.மீ. மிஞ்சும், ஜன்னல் திரைக்கு 7 செ.மீ. போதாது. இரண்டாம் துண்டில் மீதி ஆறு கதவுத் திரைகளும் இரண்டு ஜன்னல் திரைகளும் எடுத்தால் 142 மிஞ்சும். மூன்றாம் துண்டில் ஒன்பது ஜன்னல் திரைகள் போக 175 மிஞ்சும். இங்கும் 5 செ.மீ. போதாது. கூட்டிப் பார்த்தால் ஜன்னல் திரைகள் பதினொன்றுதான். கையில் மொத்தமாக 490 செ.மீ. துணி மிச்சம் கிடக்க, 180 செ.மீ. திரை ஒன்று குறைகிறது. மீட்டர் 220 ரூபாய் என்ற விலையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள துணி மேசையில் கிடந்தும், நானூறு ரூபாய்க்குக் குறைவான ஒரு துண்டுக்காக அதே லாட்டைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

5. ஒவ்வொரு துண்டுக்கும் சேர்க்கைகளை எழுதித் தேர்ந்தெடுங்கள்

இதற்குக் கணினி வேண்டாம். ஒரு நோட்டுத் தாள் போதும். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அதில் எத்தனை கதவுத் திரைகள் எடுத்தால், மீதியில் எத்தனை ஜன்னல் திரைகள் வரும், கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்று வரிசையாக எழுதுங்கள். 1145 செ.மீ. துண்டுக்கு எங்கள் தாள் இப்படி இருந்தது:

| கதவுத் திரை | ஜன்னல் திரை | மிச்சம் (செ.மீ.) |
|---|---|---|
| 4 | 0 | 173 |
| 3 | 2 | 56 |
| 2 | 3 | 119 |
| 1 | 5 | 2 |
| 0 | 6 | 65 |

மிச்சம் மிகக் குறைவாக இருக்கும் வரியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடாதீர்கள். ஒரு கதவும் ஐந்து ஜன்னலும் என்ற வரியில் 2 செ.மீ. மட்டுமே மிஞ்சுகிறது, ஆறு திரைகளை வெட்டுவதில் மொத்தமே 2 செ.மீ. பிசகலாம் என்பது காகிதத்துக்குச் சரி, கத்தரிக்குச் சரியாகாது. அதைவிட முக்கியமாக, ஜன்னல் திரைகள் ஜோடி ஜோடியாகத் தொங்குபவை. சேர்ப்புக்கு முன்னாலும் பின்னாலும் நிறத்தில் மிகச் சிறிய வேறுபாடு இருந்தால்கூட, ஒரே ஜன்னலில் ஒன்று இந்தப் பக்கத்துத் துணி, மற்றொன்று அந்தப் பக்கத்துத் துணி என்று தொங்கும்போது அது கண்ணில் குத்தும். ஆகவே ஒரு துண்டிலிருந்து வரும் ஜன்னல் திரைகள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அந்த நிபந்தனையோடு பார்த்தால் மூன்று கதவும் இரண்டு ஜன்னலும் என்ற வரி, 56 செ.மீ. மிச்சத்தோடு, இந்தத் துண்டுக்குப் பொருந்தியது.

1960 செ.மீ. துண்டில் ஐந்து கதவுத் திரைகளும் நான்கு ஜன்னல் திரைகளும் சேர்ந்து 1935, மிச்சம் 25. ஆறு கதவு என்று போயிருந்தால் 142 வீணாகியிருக்கும். மீதமிருப்பவை இரண்டு கதவுத் திரைகளும் ஆறு ஜன்னல் திரைகளும். அவை 1566 செ.மீ. 1795 செ.மீ. துண்டில் அவை போக 229 செ.மீ. ஒரே நீளமாக மிஞ்சும். அதே துணி, அதே அளவுகள்தான்; வெட்டும் வரிசையை மாற்றியதும் ஒரு திரை குறைந்த இடத்தில் இன்னொரு ஜன்னல் திரைக்கே போதுமான துணி கூடுதலாக நிற்கிறது. மிச்சத்தை மூன்று இடங்களில் சிதறவிடாமல் ஒரே இடத்தில் திரட்டுவதுதான் இந்தத் தாளின் பயன்.

டிசைன் போட்ட துணி என்றால் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். ஒவ்வொரு திரையும் டிசைனின் ஒரே இடத்தில் தொடங்க வேண்டும் என்பதால், வெட்டு நீளத்தை டிசைன் திரும்ப வரும் அளவின் மடங்குக்கு உயர்த்த வேண்டும். எடுத்துக்காட்டாக, டிசைன் 32 செ.மீ.க்கு ஒருமுறை திரும்பினால் 243 என்பது 256 ஆகவும், 180 என்பது 192 ஆகவும் ஏறும். மொத்தம் 4864, 4900க்குள் அடங்குவதுபோலத் தோன்றும். ஆனால் எங்கள் மூன்று துண்டுகளில் எப்படி மாற்றி அடுக்கினாலும் இந்த இருபத்திரண்டும் வராது. அப்படிப்பட்ட துணியைக் கொண்டுவருபவரிடம் வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே இதைச் சொல்லி, ரோல் கடையில் இருக்கும்போதே மாற்றச் சொல்ல வேண்டும்.

6. அடங்கவில்லை என்றால் எங்கே கை வைக்கலாம்

முடிந்த திரையின் நீளம் வாடிக்கையாளருடையது, அதைத் தொடக்கூடாது. மடிப்பு நம்முடையது. அடிமடிப்பை 8 செ.மீ.யிலிருந்து 5 ஆக்கினால் கதவுத் திரையின் வெட்டு நீளம் 240 ஆகவும், ஜன்னல் திரையினுடையது 177 ஆகவும் இறங்கும். ஆனால் அடிமடிப்பின் கனத்தில்தான் திரை நேராகத் தொங்குகிறது என்பதால் நான் இதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன். அதற்கு முன் பார்க்க வேண்டியது மேல்மடிப்பு. அதன் உட்புறம் யார் கண்ணிலும் படாது. அங்கே அதே நிறத்தை ஒட்டிய வேறு துணியைப் பட்டியாக வைத்துத் தைத்தால் ஒரு திரைக்குப் பத்து செ.மீ. வரை மிச்சமாகும். வேறு துணி வைப்பதாக இருந்தால் அதையும் துவைத்துச் சுருக்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே மேல்பகுதி சுருண்டுகொள்ளும்.

பழுதையும் சில நேரம் மடிப்புக்குள் ஒளித்துவிடலாம். கறையோ, மெல்லிய ஊடைக் கோடோ அடிமடிப்பின் உட்பக்கம் விழும்படி திரையை அமைத்தால் அந்த இடத்தில் துணியை வெட்டிப் பிரிக்க வேண்டியதே இல்லை. துளையை மட்டும் மேல்மடிப்பில் ஒளிக்காதீர்கள். வளையம் அடிக்கும் இடத்தில் துணி ஏற்கெனவே இழுபட்டு நிற்கும்.

7. குறித்து முடித்த பிறகே வெட்டுங்கள்

ஒரு திரையை அளந்து வெட்டிவிட்டு, வெட்டிய ஓரத்திலிருந்து அடுத்ததை அளக்கும் பழக்கத்தை இந்த வேலையில் விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் சேரும் சிறு பிசகு அடுத்த திரைக்குக் கடத்தப்படும். துண்டின் தொடக்கத்திலிருந்தே டேப்பை நீட்டி, கூட்டிக்கொண்டே போகும் அளவுகளைச் சாக்பீஸால் கரையில் குறியுங்கள். முதல் துண்டில் எங்கள் குறிகள் 243, 486, 729, 909, 1089 என்று இருந்தன. இரு கரைகளிலும் குறித்தால், குறிகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லாத இடத்தில் துணி சாய்ந்து கிடக்கிறது என்பது உடனே தெரியும். மூன்று துண்டுகளையும் முழுவதும் குறித்து, திரைகளை எண்ணிப் பார்த்து, இருபத்திரண்டும் வந்த பிறகே முதல் வெட்டு விழ வேண்டும்.

"கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று வெட்டும் கை இந்த வேலைக்கு ஆகாது. இரண்டாம் துண்டில் ஒன்பது திரைகளுக்கும் சேர்த்து மிச்சம் 25 செ.மீ. மட்டுமே, திரைக்கு 4 செ.மீ. தாராளமாக விட்டால் முதல் எட்டுத் திரைகளிலேயே 32 ஆகி, கடைசித் திரை குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விடும். வெட்டு நீளத்தைக் கணக்கிட்டபோதே சுருக்கத்தையும் மடிப்பையும் சேர்த்துவிட்டோம். அதன் மேல் இன்னொரு பாதுகாப்பு தேவையில்லை. துண்டின் முடிவில் மிச்சம் உறுதியான பிறகு, அந்த மிச்சத்தைக் கடைசித் திரையில் விடலாமா, தனியாக எடுக்கலாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.

வெட்டும்போது நூல் உருவி, அந்தக் கோட்டிலேயே வெட்டுங்கள். 48 அங்குல அகலத்துக்கு ஒரு பக்கம் 3 செ.மீ. சாய்ந்து வெட்டப்பட்டால், திரையின் நீளம் என்பது குறைவான பக்கத்தின் நீளம்தான். வெட்டிய ஒவ்வொரு துண்டின் மேல் ஓரத்திலும் எண்ணும், மேல் என்று காட்டும் அம்புக்குறியும் இட்ட துணிச் சீட்டை நூலால் கட்டுங்கள். ஒரே நிறத் துணியையும் ஒன்றை நேராகவும் மற்றொன்றைத் தலைகீழாகவும் தொங்கவிட்டால், சில நெசவுகளில் வெளிச்சம் படும்போது நிறம் வேறாகத் தெரியும். சேர்ப்புக்குப் பிந்தைய துண்டு எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

8. துவைத்த பிறகு தையுங்கள்

சுருக்கத்துக்காகச் சேர்த்த நீளத்தைத் துவைக்காமலே தைத்துவிட்டால், 213 செ.மீ. தொங்க வேண்டிய கதவுத் திரை முதல் துவைப்பு வரை 223 செ.மீ. ஆகத் தரையில் புரளும். ஆகவே வெட்டிய துண்டுகளின் இரு ஓரங்களையும் ஓவர்லாக் அடித்து, துவைத்து, நிழலில் காயவைத்து, தேய்த்து, மீண்டும் ஒருமுறை அளந்து, பிறகு தைப்பதே நல்ல முறை. கதவுத் துண்டு 233 செ.மீ.க்கும், ஜன்னல் துண்டு 172 செ.மீ.க்கும் குறையாமல் இருந்தால் கணக்குச் சரி. வாடிக்கையாளருக்கு அவசரம் என்றால், கூடுதல் நீளத்தை அடிமடிப்பில் சுருட்டி ஓட்டுத் தையல் போட்டுக் கொடுத்து, முதல் துவைப்புக்குப் பின் பிரித்துத் தைத்துத் தருவதாகச் சொல்லலாம். ஆனால் அந்த இரண்டாவது தையலுக்கான கூலியை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

கூலியைப் பொறுத்தவரை, திரைக்கு இவ்வளவு என்று தையல் கூலி மட்டும் சொல்லிவிட்டு ரோல் அளப்பது, சோதனை, ஓவர்லாக், துவைப்பு ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். இவற்றைத் தனி வரிகளாக ஆர்டர் தாளில் எழுதினால் வாடிக்கையாளர் பெரும்பாலும் மறுப்பதில்லை. மொத்தத் தொகையில் சேர்த்துச் சொன்னால் பக்கத்துக் கடையின் தையல் கூலியோடு ஒப்பிடுவார். காலத்தில், ரோல் பிரித்துக் கிடக்க ஓர் இரவும், சோதனைக்கு ஒரு நாளும், துவைத்துக் காய இரண்டு நாட்களும், மழைக்காலமாக இருந்தால் அதைவிடக் கூடுதலாகவும் தையலுக்கு முன்பே போய்விடும். திறப்பு விழா நாளைச் சொல்லிக்கொண்டு வருபவரிடம் இதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

9. மிச்சத்தைக் கணக்குக் காட்டி ஒப்படையுங்கள்

எங்கள் வேலையில் 229, 56, 25 செ.மீ. என்று மூன்று மிச்சத் துண்டுகளும், துவைத்த சோதனைத் துண்டும் இருந்தன. 229 செ.மீ. துண்டிலிருந்து ஒரு ஜன்னல் திரையை உபரியாக வெட்டித் தரட்டுமா என்று கேட்டபோது விடுதிக்காரர் சரியென்றார், மாஸ்டர்தான் தடுத்தார். வெட்டினால் அது 180ம் 49ம் ஆகிவிடும். வெட்டாமல் இருந்தால் பின்னால் ஒரு ஜன்னல் திரை கிழிந்தாலும் ஆகும், மேல்மடிப்புக்கு வேறு துணிப் பட்டி வைத்து, அடிமடிப்பையும் குறைத்தால் ஒரு கதவுத் திரைக்கும் இழுத்துப் பிடித்துச் சமாளிக்கலாம். ஆகவே அதை முழுதாகவே மடித்து, லாட் எண் இருந்த ரோல் சீட்டின் நகலையும், "இது துவைக்காத துணி, துவைத்த பிறகே தைக்கவும்" என்ற குறிப்பையும் அதன் மேல் ஊசியால் குத்தி, பெறுதல் சீட்டில் நான்கு துண்டுகளின் நீளத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம்.